மூளைப் பயிற்சி ஆப்புக்குச் சந்தா கட்டும் முன்: பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டையில் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும், அன்று மண்டபத்தில் கடைசி வரை உட்கார்ந்திருந்த பெற்றோர்களுக்கும்,

வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தில், விற்பனைக்கு வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளால் பிள்ளைகளின் சிந்தனைத் திறன் உண்மையிலேயே வளர்கிறதா என்ற தலைப்பில், 'இல்லை' அணியில் பேச என்னை அழைத்தீர்கள். ஏழு நிமிடம் கொடுத்தீர்கள். முதல் ஆய்வைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவர் மணி அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பின்னால் சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. 'இரு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று தீர்ப்பு வந்தது, எல்லோரும் கைதட்டிவிட்டுக் கிளம்பினோம்.

பட்டிமன்றத்துக்கு அந்தத் தீர்ப்பு போதும். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போதாது. அங்கே நீங்கள் முடிவெடுக்கப்போவது பிள்ளை ஒன்றுக்கு வருடம் 2,400 ரூபாய் சந்தா பற்றியும், வாரத்துக்கு மூன்று பீரியட் பற்றியும். துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களும் காசிமேட்டில் ஐஸ் கட்டி ஏற்றுபவர்களும் கட்டப்போகிற பணம் அது. அதனால் அன்று சொல்ல வந்ததை முழுசாக எழுதுகிறேன். நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்மாவும்கூட.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆப்பில் விளையாடினால் ஆப்பில் ஸ்கோர் ஏறும். இதில் எனக்கும் எதிரணியில் பேசிய அண்ணனுக்கும் சண்டையே இல்லை. தன் மகன் ஒரே மாதத்தில் மூன்றாவது லெவலிலிருந்து பதினோராவது லெவலுக்குப் போனதை அவர் சொன்னார், நம்புகிறேன். கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது. அந்தப் பையன் ஆப்பை மூடிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, பதினோராவது லெவலிலிருந்து எதையாவது கையோடு கொண்டுவருகிறானா? பணம் அதற்குத்தானே கேட்கிறார்கள்?

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பிடித்த ஆய்வு ஒரே ஒரு ஆளை வைத்து நடந்தது. 1980-இல் வெளியானது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சன், சேஸ், ஃபலூன் என்ற மூவர் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது சராசரிப் புத்திசாலித்தனம் உள்ள ஒரு கல்லூரி மாணவனை. கட்டுரையில் அவனுக்கு வெறும் எஸ்.எஃப். என்றுதான் பெயர். விநாடிக்கு ஒன்று என்று எண்களைப் படித்துக் காட்டுவார்கள், அவன் அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஒரு எண் கூடும். ஆரம்பத்தில் அவனால் ஏழு எண்தான் முடிந்தது, நம்மில் பலருக்கும் அவ்வளவுதான் முடியும். தினம் ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்றிலிருந்து ஐந்து நாள், ஒன்றரை வருடத்துக்கு மேல். மொத்தம் சுமார் 230 மணி நேரப் பயிற்சி. முடிவில் 79 எண்களைத் தவறில்லாமல் சொன்னான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் எந்த ஆப் கம்பெனியும் இதை விளம்பரமாகப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த ஆய்வாளர்கள் அவன் எப்படிச் செய்கிறான் என்றும் கேட்டார்கள். அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். 3492 என்று காதில் விழுந்தால் '3 நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குப் பக்கத்தில்' என்று மனசுக்குள் எழுதிக்கொள்வான். ஓட்ட நேரமாக மாறாத எண்களை வயதாக்கிக்கொண்டான்: 893 என்றால் 89.3, கிழவர். எண்களை மூன்று நான்காகக் கட்டி, கட்டுகளை இன்னும் பெரிய கட்டுகளாக்கி அடுக்கிவைத்தான். பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆனபோது ஒரு நாள், எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளைப் படித்துக் காட்டினார்கள். அவன் திறன் உடனே ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டது.

அவனுடைய ஞாபகசக்தி பெரிதாகியிருந்தால் எழுத்துக்கும் அது உதவியிருக்க வேண்டும். வளர்ந்தது எண்களைப் பிடித்துவைக்கும் ஒரு வித்தை. வித்தை எதற்குப் பழக்கினோமோ அதற்கு மட்டும்தான் வேலை செய்யும். நம் வியாசர்பாடிப் பக்கத்துத் தெருக்களில் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் கேரம் ஆடும் பையன்களைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் பட்டால் காயின் எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். அதற்காக வடிவியல் பாடத்தில் அவர்களுக்குத் தனி மார்க் விழுந்ததாக எந்தக் கணக்கு வாத்தியாரும் சொன்னதில்லை.

அன்று 'ஆய்வு இருக்கிறது' என்று அண்ணன் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். அந்த ஆய்வு எதுவென்று எனக்குத் தெரியும், அதை மதிக்கவும் செய்கிறேன். 2008-இல் சூசன் ஜேகியும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்டது. இப்போது வரும் பல ஆப்புகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அதுதான். அதில் பயன்படுத்திய விளையாட்டு கொஞ்சம் கஷ்டமானது. திரையில் ஒரு கட்டம் இடம் மாறிமாறித் தோன்றும், அதே நேரம் காதில் ஓர் எழுத்து ஒலிக்கும். இப்போது வந்தது இரண்டு முறைக்கு முன் வந்ததோடு ஒத்துப்போனால் பட்டனை அழுத்த வேண்டும். நன்றாகச் செய்தால் இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவு. எட்டு நாளிலிருந்து பத்தொன்பது நாள் வரை பயிற்சி எடுத்தவர்கள், புதிய புதிர்களைத் தீர்க்கும் அறிவுத்திறன் சோதனையில் பயிற்சி எடுக்காதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். பயிற்சி நாள் கூடக்கூட முன்னேற்றமும் கூடியது. செய்தி உலகம் முழுக்கப் பரவியது.

இதில் சிக்கல் எங்கே என்றால், ஒப்பிட வைத்திருந்த மற்றவர்கள் நடுவில் எதுவுமே செய்யவில்லை. முதல் நாள் சோதனை எழுதினார்கள், வீட்டுக்குப் போனார்கள், திரும்பி வந்து இன்னொன்று எழுதினார்கள். இன்னொரு குழு தினமும் ஆய்வகத்துக்கு வந்தது, திரையோடு மல்லுக்கட்டியது, 'நமக்கு ஏதோ நல்லது நடக்கிறது' என்ற நினைப்போடு கடைசிச் சோதனைக்கு உட்கார்ந்தது. வித்தியாசம் வந்தது விளையாட்டினாலா, அந்த நினைப்பினாலா? இந்த அமைப்பை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

தாமஸ் ரெடிக் என்பவரும் கூட்டாளிகளும் இதைச் சரிசெய்து திரும்ப நடத்தினார்கள். 2013-இல் அச்சானது. அதே விளையாட்டு, இருபது அமர்வுகள். ஆனால் ஒப்பீட்டுக்கு இரண்டு குழுக்கள்: ஒன்று சும்மா இருந்தது, இன்னொன்று அதே இருபது அமர்வும் வந்து வேறொரு கணினிப் பயிற்சியைச் செய்தது. கூட்டத்துக்குள் ஒரு குறிப்பிட்ட உருவத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி அது. அதுவும் போகப்போகக் கடினமாகும், அதில் இருந்தவர்களும் தாங்கள் முன்னேறுவதைக் கண்ணால் பார்த்தார்கள். கடைசியில் அறிவுத்திறன் சோதனைகளை ஒன்றல்ல, பலதை வைத்தார்கள். பயிற்சி எடுத்தவர்கள் தங்கள் விளையாட்டில் நன்றாகத் தேறியிருந்தார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் மூன்று குழுக்களுக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

'வெறும் நினைப்பு மார்க்கை ஏற்றுமா?' என்று யாராவது கேட்பீர்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் ஃபரூகி என்பவரும் மற்றவர்களும் 2016-இல் வெளியிட்ட சின்ன ஆய்வு, மொத்தம் ஐம்பது பேர். வளாகத்தில் இரண்டு விதமான நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒன்றில் 'மூளைப் பயிற்சி' என்று பெரிதாகப் போட்டு, இப்படிப்பட்ட பயிற்சி அறிவை வளர்க்கும் என ஆய்வுகள் சொல்கின்றன என்றும் எழுதியிருந்தது. இன்னொன்றில் ஆய்வில் கலந்துகொள்ளக் கூப்பிடுகிறோம் என்று மட்டும். இரண்டைப் பார்த்து வந்தவர்களும் செய்தது ஒன்றையேதான்: நான் மேலே சொன்ன அதே விளையாட்டு, ஒரே ஒரு மணி நேரம். மறுநாள் சோதனை. முதல் நோட்டீஸைப் பார்த்து வந்தவர்களின் மதிப்பெண் ஐ.க்யூ. கணக்கில் ஐந்திலிருந்து பத்துப் புள்ளி ஏறியது. மற்றவர்களுக்கு ஏறவில்லை. ஒரு மணி நேரத்தில் யாருக்கும் மூளை அந்த அளவு வளராது. நோட்டீஸைப் பார்த்து ஆர்வமாக வந்தவர்களே வேறு மாதிரி ஆட்களாகவும் இருக்கலாம், அதையும் தள்ள முடியாது. ஆனால் எனக்கு இதில் முக்கியம், அந்த மாதிரி நோட்டீஸ்தான் நம் பள்ளி வாசலிலும் ஒட்டப்போகிறார்கள் என்பது. 'கவனம் கூடும், மார்க் ஏறும்' என்று பெரிய எழுத்தில் படித்துவிட்டு ஆப்பைத் திறக்கும் பிள்ளைகளை வைத்து ஆப்பை அளந்தால், நோட்டீஸைத்தான் அளப்போம்.

சரி, இதெல்லாம் ஆய்வகத்து விளையாட்டு, காசு கொடுத்து வாங்கும் ஆப் இன்னும் நன்றாக இருக்காதா? அதற்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. லூமோசிட்டி என்பது இந்த வியாபாரத்தில் பெரிய பெயர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கேபிள் குழு 128 இளைஞர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு லூமோசிட்டி, பாதிப் பேருக்குச் சாதாரண ஆன்லைன் வீடியோ கேம் கொடுத்தது. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம், பத்து வாரம். 2017-இல் முடிவு வந்தது. ஞாபகம், கவனம் போன்ற சோதனைகளில் இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியிருந்தன. பிறகு எதையுமே விளையாடாத ஒரு குழுவைக் கூப்பிட்டு அதே சோதனைகளை இரண்டு முறை வைத்தார்கள். அவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினார்கள். ஒரே பரீட்சையை இரண்டாவது தடவை எழுதினால் கை பழகிவிடும், அவ்வளவுதான். ஒப்பிட அந்தக் குழுக்கள் இல்லாமல் போயிருந்தால், 'பத்தே வாரத்தில் முன்னேற்றம்' என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். அந்த அட்டையில் பொய்யே இருக்காது என்பதுதான் கொடுமை.

அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2016 ஜனவரியில், அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் லூமோசிட்டியின் விளம்பரங்களை ஏமாற்று விளம்பரம் என்று சொல்லி நடவடிக்கை எடுத்தது. பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும், வயதால் வரும் மறதி தள்ளிப்போகும் என்றெல்லாம் சொன்னதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்பது குற்றச்சாட்டு. கம்பெனி 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

நம் பள்ளியில் டெமோ காட்ட வந்தவர்கள் கொடுத்த வழவழத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாரிடம் இருந்தாலும் எடுத்துப் பாருங்கள். நடுப்பக்கத்தில் ஒரு கோடு, இடப்பக்கம் கீழேயிருந்து வலப்பக்கம் மேலே ஏறுகிறது. கீழே வாரங்கள். இடப்பக்கம் 'அறிவுத்திறன் குறியீடு'. அதற்கும் கீழே கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், இந்தக் குறியீடு ஆப்பின் உள் விளையாட்டுகளிலிருந்து கணக்கிடப்பட்டது என்று இருக்கிறது. அதாவது லெவல் ஏறியதற்குச் சான்று, லெவல் ஏறியது. எஸ்.எஃப்.-க்கும் இப்படி ஒரு கோடு போட்டிருந்தால் ஏழிலிருந்து 79 வரை அழகாக ஏறியிருக்கும். எழுத்துகளைப் படித்துக் காட்டிய அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டால் போதும். அன்று டெமோவில் நான் இதைக் கேட்டபோது, 'மேடம், எங்கள் அல்காரிதம் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி மாறிக்கொள்ளும்' என்று பதில் வந்தது. கேட்டதற்கும் சொன்னதற்கும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் அளவுக்கு இடைவெளி.

எதிரணி சொன்னதில் எனக்கு உண்மையிலேயே யோசனை தந்தது ஒன்று உண்டு. விஞ்ஞானிகளே இரண்டாகப் பிரிந்துதானே இருக்கிறார்கள் என்றார் அந்தப் பக்கம் பேசிய அக்கா. சரிதான். 2014-இல் சுமார் எழுபது விஞ்ஞானிகள் சேர்ந்து, இந்த விளையாட்டுகளுக்குச் சொல்லப்படும் பலன்களுக்கு ஆதாரம் போதாது என்று அறிக்கை விட்டார்கள். சில மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், ஆதாரம் இருக்கிறது என்று பதில் அறிக்கை விட்டு, ஆய்வுகளைப் பட்டியலும் போட்டார்கள். தலையை எண்ணினால் அந்தப் பக்கம்தான் அதிகம். ஆனால் டேனியல் சைமன்ஸும் ஆறு பேரும் அந்தப் பட்டியலையே எடுத்து, அதிலிருந்த ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் படித்து 2016-இல் நீண்ட மதிப்பீடு எழுதினார்கள். பழகிய விளையாட்டில் முன்னேற்றம் வருவதற்கு நிறைய ஆதாரம், அதை ஒத்த வேலைகளில் வருவதற்குக் குறைவான ஆதாரம், தூரமான வேலைகளிலும் அன்றாட வாழ்க்கையிலும் வருவதற்கு மிகக் கொஞ்சம் என்று முடித்தார்கள். நான் மேலே சொன்ன அதே குறைகள்தான் பல ஆய்வுகளிலும் இருந்தன: ஒப்பீட்டுக் குழு சும்மா இருந்தது, அல்லது ஆட்கள் மிகக் குறைவு.

அந்த அக்கா சொன்ன முதியோர் ஆய்வையும் ஒதுக்கமாட்டேன். அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 2,832 பேரை வைத்து நடந்தது, பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்தார்கள். ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தர்க்கம், இன்னொன்றுக்குத் திரையில் மின்னி மறைவதை வேகமாகப் பிடிக்கும் பயிற்சி, நான்காவதற்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு குழுவும் தான் பழகியதில் முன்னேறியது, மற்ற குழு பழகியதில் முன்னேறவில்லை. எஸ்.எஃப். கதைதான், பெரிய அளவில். ஆனால் வேகப் பயிற்சி எடுத்தவர்களில் பத்து வருடத்தில் மறதி நோய் வந்தவர்கள் குறைவு என்று 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. மற்ற இரண்டு குழுக்களில் அப்படித் தெளிவாக வரவில்லை. இது அக்கறையோடு தொடர வேண்டிய விஷயம், என் மாமியாருக்கு அந்தப் பயிற்சி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு ஒரு குறிப்பிட்ட பயிற்சியால் வந்த ஒரு பலனைக் காட்டி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேறொரு ஆப்பை விற்கக் கூடாது.

இன்னும் ஒரு வாதம் மிச்சம். 'நல்லது நடக்காவிட்டாலும் கெட்டது இல்லையே.' பீரியட் 40 நிமிடம், வாரம் மூன்று என்றால் இரண்டு மணி நேரம். பள்ளி நடக்கும் முப்பத்தைந்து வாரத்துக்கு எழுபது மணி நேரம். அட்டவணையில் அந்த மூன்று பீரியடும் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தேன்: இரண்டு நூலகம், ஒன்று விளையாட்டு. எழுபது மணி நேரம் ஒரு பிள்ளை உட்கார்ந்து வாசித்தால் வாசிப்பு தேறும். பின்னம் தடுமாறும் பிள்ளைக்கு எழுபது மணி நேரம் பின்னம் சொல்லிக்கொடுத்தால் பின்னம் வரும். எதைப் பழகினோமோ அதுதான் வரும் என்று இந்த ஆய்வுகள் எல்லாம் சொல்லும்போது, வர வேண்டியதையே நேராகப் பழக்கலாமே.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கூட்டத்தில் பெரும்பான்மை வந்தால், முழுப் பள்ளிக்கும் கட்டாதீர்கள். ஏழாம் வகுப்பின் இரண்டு செக்‌ஷனையும் சேர்த்துச் சுமார் எண்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் சம்மதம் வாங்கி, சீட்டு குலுக்கிப் பாதியாகப் பிரியுங்கள். செக்‌ஷன்படி பிரிக்க வேண்டாம், ஒரு செக்‌ஷனுக்கு நல்ல கணக்கு வாத்தியார் அமைந்தால் எல்லாம் குழம்பிவிடும். பாதிக்கு ஆப், பாதிக்கு அதே கணினி அறையில் அதே பீரியடில் தமிழ் டைப்பிங்கோ செஸ்ஸோ. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உற்சாகமாகச் சொல்லுங்கள், 'இது உங்களுக்கு உதவுமா என்று பார்க்கப்போகிறோம்' என்று. ஆரம்பத்திலும் பத்து வாரம் கழித்தும் ஒரே அளவு கடினமான, ஆனால் வெவ்வேறான தாள் வையுங்கள். பிள்ளைகள் முன்பு பார்க்காத ஒரு தமிழ்ப் பத்தியும் அதன் கேள்விகளும், கூடவே சில வாக்கியக் கணக்குகள். ஆப்பில் வரும் எதைப் போலவும் அந்தத் தாள் இருக்கக் கூடாது. திருத்தும் ஆசிரியருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று தெரியக் கூடாது, பெயருக்குப் பதில் எண் போட்டால் போதும்.

எண்பது பிள்ளைகளை வைத்துச் சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வழவழத் தாளில் வாக்குக் கொடுத்திருப்பது சின்ன வித்தியாசம் இல்லையே. அவர்கள் சொல்லும் அளவில் பாதி உண்மையாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். பத்து வாரம் நாற்பது பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனியிடம் கேளுங்கள். மறுத்தால் அந்தப் பதிலைக் கூட்டத்தின் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

கேள்வித்தாள் தயாரிக்கவும், குலுக்கிய சீட்டைப் பூட்டிவைக்கவும், கடைசியில் கணக்குப் போடவும் நான் வருகிறேன், காசு வேண்டாம். எதிரணி அண்ணனையும் அக்காவையும் கூட உட்காரவையுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பிரிக்கும் முன்பே, எவ்வளவு வித்தியாசம் வந்தால் வாங்குவது, எவ்வளவுக்குக் கீழே என்றால் விடுவது என்று மூன்று பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
புது வண்ணாரப்பேட்டை